சாண்ட்விச் சுடோக்கு: ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையிலான கூட்டுத்தொகையின் வரலாறு

சாண்ட்விச் சுடோக்கு என்பது சுடோக்கு புதிரின் ஒரு வகை ஆகும். வழக்கமான சுடோக்கில் உள்ள எல்லா விதிகளும் இதற்கும் பொருந்தும். ஒவ்வொரு கிடைவரிசையிலும், ஒவ்வொரு நெடுவரிசையிலும், மூன்றுக்கு மூன்று அளவுள்ள ஒவ்வொரு பெட்டியிலும் 1 முதல் 9 வரையிலான இலக்கங்கள் ஒருமுறை மட்டுமே வர வேண்டும். இவற்றுடன் கூடுதலாக, சதுரத்திற்கு வெளியே வரிசைகளின் ஓரத்தில் சில எண்கள் எழுதப்பட்டிருக்கும். அந்த வரிசையில் 1, 9 ஆகிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையில் உள்ள இலக்கங்களின் கூட்டுத்தொகையே அந்த எண். 1, 9 ஆகியவை இரண்டு ரொட்டித் துண்டுகள் போலவும், அவற்றுக்கு இடைப்பட்டவை உள்ளே வைக்கும் பண்டம் போலவும் அமைவதால் இப்பெயர் வந்தது. ரொட்டிகளின் மதிப்பு கூட்டுத்தொகையில் சேராது.

2019ஆம் ஆண்டில் இப்புதிர் உலகெங்கும் பரவியது. ஆனால் இதன் வேர்கள் அதற்கு முன்பே உள்ளன. புதிரைத் தீர்ப்பவருக்குத் தேவையான தகவலைச் சதுரத்திற்குள் தருவதா, வெளியில் தருவதா என்ற கேள்வியின் வழியே இந்த வரலாற்றைப் பின்தொடரலாம்.

உள்ளே தரப்பட்ட இலக்கங்கள்

இன்று சுடோக்கு என்று அறியப்படும் புதிர், அமெரிக்காவின் டெல் நிறுவனத்தின் புதிர் இதழில் 1979ஆம் ஆண்டு 'நம்பர் பிளேஸ்' என்ற பெயரில் வெளிவந்தது. இதை உருவாக்கியவர் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கட்டடக் கலைஞர் ஹோவர்ட் கார்ன்ஸ் என்று கருதப்படுகிறது. புதிருடன் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. இப்புதிர் வந்த இதழ்களின் பங்களிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் இருந்ததையும், புதிர் இல்லாத இதழ்களில் அப்பெயர் இல்லாததையும் ஒப்பிட்டே பின்னாளில் இது கண்டறியப்பட்டது.

1984இல் ஜப்பானின் நிக்கோலி நிறுவனம் இப்புதிரைத் தன் இதழில் வெளியிட்டது. சுடோக்கு என்ற பெயர் அங்கேதான் உருவானது. 1986இல் நிக்கோலி இரண்டு கட்டுப்பாடுகளைச் சேர்த்தது. தரப்படும் இலக்கங்கள் 32ஐத் தாண்டக் கூடாது. அவை அமையும் இடங்கள் சமச்சீராக இருக்க வேண்டும். புதிரை மனிதர் கையால் அமைக்க வேண்டும் என்பதிலும் நிக்கோலி உறுதியாக இருந்தது.

மேற்குலகுக்குச் சுடோக்கு வேறு வழியில் திரும்பியது. நியூசிலாந்தைச் சேர்ந்த வெய்ன் கோல்ட் ஹாங்காங்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 1997இல் டோக்கியோவின் புத்தகக் கடை ஒன்றில் இப்புதிரைக் கண்டார். பின்னர் பல ஆண்டுகள் உழைத்து, சுடோக்குகளைத் தானாக உருவாக்கும் கணினி நிரல் ஒன்றை எழுதினார். அவர் அளித்த புதிர்களை இலண்டனின் 'தி டைம்ஸ்' நாளிதழ் 2004 நவம்பர் 12 முதல் வெளியிட்டது. சில மாதங்களிலேயே பிற நாளிதழ்களும் பின்தொடர்ந்தன.

கணினி தந்த புதிர்கள் பிழையற்றவை. ஆனால் ஆயிரக்கணக்கில் வெளிவந்தபோது, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே வேறுபாடு தெரியாத நிலை வந்தது. பழகியவர்கள் ஒரே சில நுட்பங்களையே மீண்டும் மீண்டும் பயன்படுத்த வேண்டியிருந்தது. உள்ளே தரும் இலக்கங்களை எவ்வளவு குறைத்தாலும் அதற்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமான சுடோக்கில் ஒரே ஒரு விடை அமைய, குறைந்தது 17 இலக்கங்களாவது தரப்பட வேண்டும் என்பதை 2012இல் கேரி மக்குவயர் தலைமையிலான அயர்லாந்துக் கணிதக் குழு கணினித் தேடல் மூலம் நிறுவியது. ஆகவே, புதிய சிந்தனையைத் தூண்ட விரும்பிய புதிர் அமைப்பாளர்கள் வேறு வகைத் தகவலை நாட வேண்டியிருந்தது. அந்தத் தகவல் கூட்டுத்தொகை ஆகும்.

கூட்டுத்தொகை நுழைந்த விதம்

கூட்டுத்தொகையைக் குறிப்பாகத் தரும் வழக்கம் சுடோக்கைவிடப் பழையது. டெல் நிறுவனத்தின் இதழ்களில் 1960களிலேயே 'கிராஸ் சம்ஸ்' என்ற குறுக்கெழுத்து வடிவ எண் புதிர் வந்தது. நிக்கோலி அதை ஜப்பானில் 'ககுரோ' என்ற பெயரில் பரப்பியது. ககுரோவில் இரண்டு கட்டங்களுக்குக் கூட்டுத்தொகை 3 என்றால் அவை 1, 2 மட்டுமே. 17 என்றால் 8, 9 மட்டுமே. நடுத்தர எண்களுக்குப் பல வழிகள் இருக்கும். ஓரத்து எண்களுக்கு ஒரே வழி. கூட்டுத்தொகைப் புதிர்கள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

இதைச் சுடோக்குடன் இணைத்த 'கில்லர் சுடோக்கு' ஜப்பானில் தோன்றி, 2005இல் தி டைம்ஸ் வழியாக ஆங்கில வாசகர்களை அடைந்தது. இதில் புள்ளிக்கோடுகளால் சூழப்பட்ட கட்டக் கூட்டங்களுக்குக் கூட்டுத்தொகை தரப்படும். எந்தெந்தக் கட்டங்களைக் கூட்ட வேண்டும் என்பது முன்பே வரையப்பட்டிருக்கும்.

சாண்ட்விச் சுடோக்கு ஒரு படி மேலே சென்றது. இதில் கூட்டுத்தொகை தெரியும். ஆனால் எந்தக் கட்டங்களைக் கூட்ட வேண்டும் என்பது தெரியாது. எல்லையைத் தீர்ப்பவரே கண்டுபிடிக்க வேண்டும், அந்த எல்லையும் 1, 9 என்ற இரண்டு இலக்கங்களே. போட்டிப் புதிர் வட்டாரங்களில் இதே கருத்து 'ஒன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே' என்ற பொருள்படும் பெயரில் முன்பே வழங்கி வந்தது. அப்போது அது பல வகைகளுள் ஒன்றாகவே இருந்தது.

அந்நிலையை மாற்றியவர்கள் 'கிராக்கிங் தி கிரிப்டிக்' என்ற யூடியூப் தடத்தை நடத்தும் சைமன் அந்தோணி, மார்க் குட்லிஃப் ஆகிய இரு ஆங்கிலேயர்கள். இருவரும் உலகப் புதிர்ப் போட்டிகளில் பிரித்தானியாவின் சார்பில் பங்கேற்றவர்கள். குட்லிஃப் தி டைம்ஸ் குறுக்கெழுத்துப் போட்டியில் பலமுறை பட்டம் வென்றவர். ஒரு புதிரை எடுத்து, அதன் முதல் அடியிலிருந்து கடைசி அடிவரை வாய்விட்டுச் சிந்தித்துத் தீர்ப்பதே அவர்களின் காணொளி முறை. 2019 மே மாதத்தில் 'தி கார்டியன்' நாளிதழின் புதிர்ப் பத்தியில் அலெக்ஸ் பெல்லோஸ் சாண்ட்விச் சுடோக்கை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் இவ்வகைப் புதிர்களுக்கென்றே ஒரு கைப்பேசிச் செயலியும் வெளிவந்தது. 'சாண்ட்விச்' என்ற எளிய பெயர் விதியையே ஒரு படமாகக் காட்டியதால், புதியவர்களுக்கும் விளக்கம் எளிதானது.

ஏன் 1, 9?

எந்த இரண்டு இலக்கங்களையும் ரொட்டிகளாக வைக்கலாமே, 1, 9 மட்டும் ஏன் என்ற கேள்வி எழலாம். 1ஐயும் 9ஐயும் நீக்கினால் எஞ்சுபவை 2 முதல் 8 வரையிலான ஏழு தொடர் இலக்கங்கள். அவற்றின் மொத்தம் 35. மிகச் சிறியதும் மிகப் பெரியதும் வெளியேறிவிட்டதால், இடையில் எத்தனை கட்டங்கள் இருக்க முடியும் என்பதைக் கூட்டுத்தொகையே நெருக்கமாகச் சொல்லிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, 2 முதல் 8 வரை மட்டும் பயன்படுத்தினால் இரண்டு இலக்கங்களின் கூட்டுத்தொகை 5க்கும் 15க்கும் இடையில் அமையும். 1ஐயும் 9ஐயும் உள்ளே அனுமதித்தால் அது 3க்கும் 17க்கும் இடையில் விரிந்துவிடும்.

இடைப்பட்ட கட்டங்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கூட்டுத்தொகை அமையக்கூடிய எல்லைகள் பின்வருமாறு:

ஒரு கட்டம்: 2 முதல் 8 வரை
இரண்டு கட்டங்கள்: 5 முதல் 15 வரை
மூன்று கட்டங்கள்: 9 முதல் 21 வரை
நான்கு கட்டங்கள்: 14 முதல் 26 வரை
ஐந்து கட்டங்கள்: 20 முதல் 30 வரை
ஆறு கட்டங்கள்: 27 முதல் 33 வரை
ஏழு கட்டங்கள்: 35 மட்டும்

0 என்ற குறிப்பு இருந்தால் 1, 9 இரண்டும் அடுத்தடுத்து உள்ளன. 35 என்றால் அவை வரிசையின் இரு முனைகளில் உள்ளன. 1 என்ற குறிப்பு வரவே முடியாது, ஏனெனில் உள்ளே இருக்கக்கூடிய மிகச் சிறிய இலக்கம் 2. அதே காரணத்தால் 34உம் வர முடியாது. 34 வந்தால் வெளியே எஞ்சும் இலக்கத்தின் மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். அந்த 1 ஏற்கெனவே ரொட்டி ஆகிவிட்டது.

இந்தக் கடைசிக் கருத்து மிகவும் பயன்படுவது. உள்ளே உள்ளவற்றின் கூட்டுத்தொகை தெரிந்தால், அதை 35இலிருந்து கழித்து வெளியே உள்ளவற்றின் கூட்டுத்தொகையை அறியலாம். 30 என்ற குறிப்பைக் கண்டு ஐந்து அல்லது ஆறு இலக்கங்களின் சேர்க்கைகளைத் தேட வேண்டியதில்லை. வெளியே உள்ளவற்றின் கூட்டுத்தொகை 5. எனவே வெளியே இருப்பது 5 மட்டும், அல்லது 2உம் 3உம். பெரிய எண்ணும் சிறிய எண்ணும் இவ்வாறு ஒரே அளவு தகவலைத் தருகின்றன. மிகக் குறைவாகத் தகவல் தருபவை நடுவில் உள்ள 17, 18 போன்றவை. 17ஐ மூன்று இலக்கங்களால் நான்கு வழிகளிலும், நான்கு இலக்கங்களால் மூன்று வழிகளிலும் பெறலாம். எனவே தீர்க்கத் தொடங்குபவர் இரு ஓரங்களில் உள்ள எண்களையே முதலில் பார்க்கிறார்.

ஓர் எடுத்துக்காட்டு

மூன்று கிடைவரிசைகளை மட்டும் எடுத்துக்கொண்டு இதன் இயக்கத்தைக் காணலாம். முதல் வரிசைக்கு 35, இரண்டாம் வரிசைக்கு 33, மூன்றாம் வரிசைக்கு 6 என்ற குறிப்புகள் தரப்பட்டுள்ளன. முதல் நெடுவரிசைக்கு 5 என்ற குறிப்பு உள்ளது. சதுரத்திற்குள் ஓர் இலக்கம்கூட இன்னும் இல்லை.

முதல் வரிசையில் 35 இருப்பதால் ரொட்டிகள் முதல் கட்டத்திலும் ஒன்பதாம் கட்டத்திலும் உள்ளன. எது 1, எது 9 என்பது தெரியாது. ஆனால் இடப் பெட்டியில் ஒரு ரொட்டியும் வலப் பெட்டியில் மற்றொரு ரொட்டியும் அமைந்துவிட்டன.

இரண்டாம் வரிசையின் 33க்கு ஆறு இலக்கங்கள் தேவை. வெளியே எஞ்சுவது 35 கழித்தல் 33, அதாவது 2 என்ற ஒரே இலக்கம். ஆறு இலக்கங்களைத் தாங்கி நிற்க ரொட்டிகள் முதல், எட்டாம் கட்டங்களில் இருக்க வேண்டும். அல்லது இரண்டாம், ஒன்பதாம் கட்டங்களில் இருக்க வேண்டும். எப்படியானாலும் ஒரு ரொட்டி இடப் பெட்டியிலும் மற்றொன்று வலப் பெட்டியிலும் விழுகிறது. ஆக, இடப் பெட்டியிலும் வலப் பெட்டியிலும் 1, 9 இரண்டும் நிரம்பிவிட்டன.

எனவே மூன்றாம் வரிசையின் 1, 9 இரண்டும் நடுப் பெட்டியில்தான் இருக்க முடியும். அங்கே மூன்று கட்டங்களே உள்ளதால், இடையில் அதிகபட்சம் ஒரு கட்டமே அமையும். கூட்டுத்தொகை 6 என்பதால் அவை அடுத்தடுத்து இல்லை. ஆகவே நான்காம், ஆறாம் கட்டங்களில் ரொட்டிகளும், ஐந்தாம் கட்டத்தில் 6உம் அமைகின்றன. இலக்கம் எதுவும் தரப்படாத சதுரத்தில் முதல் இலக்கம் உறுதியாகிவிட்டது. மூன்றாம் வரிசையின் குறிப்பை மட்டும் தனியாகப் பார்த்திருந்தால், 6 என்பது ஒற்றை இலக்கமாக எந்த இடத்திலும் இருந்திருக்கலாம். 2உம் 4உம் சேர்ந்தும் 6 ஆகும் என்பதால் அந்தக் குறிப்பு தனியே உறுதியானதன்று. மற்ற இரு வரிசைகளின் ரொட்டிகளே அதை ஒரே விடையாகச் சுருக்கின.

அடுத்து முதல் நெடுவரிசையின் 5ஐப் பார்க்கலாம். அதன் உச்சியில் ஏற்கெனவே ஒரு ரொட்டி உள்ளது. இரண்டாம் வரிசையின் முதல் கட்டத்தில் மற்றொரு ரொட்டி இருந்தால், இரண்டும் அடுத்தடுத்து அமைந்து குறிப்பு 0 ஆகியிருக்கும். குறிப்பு 5 என்பதால் அது ரொட்டி அன்று. எனவே இரண்டாம் வரிசையின் ரொட்டிகள் இரண்டாம், ஒன்பதாம் கட்டங்களில் உள்ளன. வெளியே எஞ்சிய 2 முதல் கட்டத்தில் அமர்கிறது. இப்போது நெடுவரிசையின் கூட்டுத்தொகையில் 2 கட்டாயம் சேர்ந்துவிட்டது. 2ஐச் சேர்த்து 5ஐப் பெற 3 மட்டுமே உதவும். ஆகவே மூன்றாம் வரிசையின் முதல் கட்டம் 3; நான்காம் வரிசையின் முதல் கட்டத்தில் மற்றொரு ரொட்டி.

இதுவரை நான்கு குறிப்புகளால் 2, 3, 6 என்ற மூன்று இலக்கங்களும் ஏழு ரொட்டி இடங்களும் கிடைத்துள்ளன. கீழே ர என்பது ரொட்டியைக் குறிக்கிறது.

```
ர . .  . . .  . . ர
2 ர .  . . .  . . ர
3 . .  ர 6 ர  . . .
ர
```

எது ஒன்று, எது ஒன்பது?

மேலே உள்ள படத்தில் ரொட்டிகளின் இடங்கள் தெரிந்தும் அவற்றின் மதிப்பு தெரியவில்லை. எவ்வளவு நேரம் சிந்தித்தாலும் கூட்டுத்தொகைக் குறிப்புகளால் மட்டும் அதை அறிய முடியாது. முழுமையாகத் தீர்க்கப்பட்ட ஒரு சாண்ட்விச் சுடோக்கை எடுத்து, எல்லா 1களையும் 9 ஆகவும் எல்லா 9களையும் 1 ஆகவும் மாற்றினால், சுடோக்கு விதிகள் எதுவும் மீறப்படுவதில்லை. ரொட்டிகள் இடம் மாறாததால் இடையில் உள்ளவையும் மாறுவதில்லை. கூட்டுத்தொகைகள் அனைத்தும் அப்படியே இருக்கும். ஆகவே பதினெட்டு வரிசைகளுக்கும் குறிப்புகள் தரப்பட்டிருந்தாலும், சதுரத்திற்குள் ஒரு 1 அல்லது ஒரு 9ஆவது தரப்படாவிட்டால் குறைந்தது இரண்டு விடைகள் இருக்கும்.

புதிர் அமைப்பவருக்கு இது முக்கியமான வரம்பு. வேறு கூடுதல் விதி எதுவும் இல்லாத சாண்ட்விச் சுடோக்கில் ஏதேனும் ஓரிடத்தில் 1 அல்லது 9 தரப்பட்டே ஆக வேண்டும். அது இல்லாத புதிர் ஒன்றைக் கண்டால், தீர்க்கத் தொடங்கும் முன்பே அது குறையுடையது என்று சொல்லிவிடலாம். வெப்பமானிக் கோடுபோல இலக்கங்கள் ஏறுவரிசையில் அமைய வேண்டும் என்ற கூடுதல் விதி இருந்தால், அது 1ஐயும் 9ஐயும் வேறுபடுத்திக் காட்டக்கூடும். அப்போது இந்தத் தேவை எழாது.

நமது எடுத்துக்காட்டில் முதல் வரிசையின் முதல் கட்டத்தில் 1 தரப்பட்டதாகக் கொள்வோம். அதே வரிசையின் கடைசிக் கட்டம் 9 ஆகிறது. ஒன்பதாம் நெடுவரிசையில் அதற்குக் கீழே உள்ள ரொட்டி 1 ஆகிறது. எனவே இரண்டாம் வரிசையின் மற்றொரு ரொட்டி 9. முதல் நெடுவரிசையின் கீழ் ரொட்டியும் 9.

```
1 . .  . . .  . . 9
2 9 .  . . .  . . 1
3 . .  ர 6 ர  . . .
9
```

நடுப் பெட்டியின் இரண்டு ரொட்டிகள் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. நான்காம் அல்லது ஆறாம் நெடுவரிசையில் கீழே எங்கேனும் ஒரு 1 அல்லது 9 உறுதியாகும்போது அவையும் முடிவாகும்.

வழக்கமாக நேரும் பிழைகள்

புதிதாகத் தீர்ப்பவர்கள் ரொட்டிகளின் மதிப்பையும் சேர்த்துக் கூட்டிவிடுவது உண்டு. அப்படிச் செய்தால் ஒவ்வொரு குறிப்பும் 10 அளவு பிசகும். 0 என்ற குறிப்பைக் கண்டதும் அப்பிழை வெளிப்பட்டுவிடும், ஏனெனில் ரொட்டிகளையும் கூட்டினால் 0 வரவே முடியாது.

இரண்டாவது பிழை, 8 போன்ற சிறிய எண்ணைக் கண்டதும் அதை ஒற்றை இலக்கம் என்று கொள்வது. 8 தனியாகவும் வரலாம். 2உம் 6உம், 3உம் 5உம் சேர்ந்தும் வரலாம். 2, 3, 4 ஆகிய மூன்று குறிப்புகள் மட்டுமே கட்டாயமாக ஒற்றை இலக்கத்தைக் குறிப்பவை.

மூன்றாவது, குறிப்பு இல்லாத வரிசையையும் 0 என்ற குறிப்புள்ள வரிசையையும் ஒன்றாகக் கருதுவது. குறிப்பு இல்லை என்றால் அந்த வரிசையின் ரொட்டிகள் எங்கும் இருக்கலாம். 0 என்றால் அவை ஒட்டியே இருக்க வேண்டும். புதிர் அமைப்பவர் எல்லா வரிசைகளுக்கும் குறிப்புத் தர வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இவ்வகையின் இடம்

கூட்டுத்தொகைக் குறிப்புகள் 1, 9 ஆகியவற்றின் இடங்களையும், எந்த இலக்கங்கள் உள்ளே, எவை வெளியே என்பதையும் மட்டுமே தருகின்றன. உள்ளே உள்ளவை எந்த ஒழுங்கில் அமைகின்றன என்பதை அவை சொல்வதில்லை. அதனால் சாண்ட்விச் சுடோக்கின் தீர்வு இரண்டு பகுதிகளாகப் பிரிகிறது. முதற்பகுதியில் பதினெட்டு ரொட்டி இடங்களைக் கண்டறிய வேண்டும். இரண்டாம் பகுதியில் கார்ன்ஸ் காலத்துச் சுடோக்கு முறையே மீண்டும் வருகிறது.

உள்ளே தரப்படும் இலக்கங்களுக்கு இருந்த 17 என்ற கீழெல்லை இங்கே பொருந்தாது. தகவலின் பெரும்பகுதி சதுரத்திற்கு வெளியே சென்றுவிட்டதால், ஓரிரண்டு இலக்கங்களை மட்டும் உள்ளே வைத்துப் புதிர் அமைக்க இடமுண்டு. மேலே கண்ட எடுத்துக்காட்டில் 35, 33, 6 என்ற மூன்று எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததைப் போல, தீர்ப்பவர் எந்த இடத்தில் நுழைந்து எந்த வழியே செல்வார் என்பதை அமைப்பவர் முன்கூட்டியே திட்டமிடலாம். நிக்கோலி 1980களில் வலியுறுத்திய கையால் அமைக்கும் மரபு, கணினிப் புதிர்களின் பெருக்கத்தில் பின்தள்ளப்பட்ட பிறகு, சாண்ட்விச் போன்ற வகைகளின் வழியாகவே மீண்டும் பரவலான வாசகர்களை அடைந்தது.